ஒன்பது இரவுகளிலிருந்து தொடங்குங்கள்: 4,500 ரூபாயில் கடலூரிலிருந்து இராமேசுவரம் வரை பத்து நாள் பயணத் திட்டம்

கல்லூரி மாணவர்கள் பயணத் திட்டம் போடும்போது, பார்க்க வேண்டிய ஊர்களை முதலில் எழுதி, அவற்றை வரைபடத்தில் கோடிட்டு இணைத்து, கடைசியில் செலவைக் கூட்டிப் பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. கையில் தாராளமாகப் பணம் உள்ளவர்களுக்கு அந்த வரிசை பொருந்தும். ஆளுக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு பத்து நாள் சுற்ற நினைப்பவர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் முன்பதிவில்லாப் பெட்டியிலும் சாதாரணப் பேருந்திலும் செல்பவருக்குத் தூரம் பெரிய செலவாவதில்லை. பணத்தைத் தின்பவை இரவுகள்தான். ஆகவே பத்து நாளுக்கு உரிய ஒன்பது இரவுகளை எங்கே, யாருடைய கூரையின் கீழ் கழிப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பகல்களை அவற்றைச் சுற்றி அமைக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு, அதை முதலில் போட்டுப் பார்த்து, பிறகு வெட்டித் திருத்தும் முறையை விளக்குகிறது. பயணிகள் நால்வர், இருவர் கடலூர்க்காரர்கள், இருவர் புதுச்சேரிக்காரர்கள், நால்வரும் ஆண்கள், அல்லது நால்வரும் பெண்கள். ஆளுக்குக் கையில் உள்ளது 4,500 ரூபாய். இங்கே தரப்படும் அறை வாடகையும் உணவுச் செலவும் திட்டம் போடுவதற்கான மதிப்பீடுகள். புறப்படும் முன் அந்தந்த ஊரில் தொலைபேசியில் விசாரித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதல் படி: தடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் பகுதி மாணவர்களுக்கு ஒரு வசதி வாசலிலேயே இருக்கிறது. விழுப்புரத்தில் பிரிந்து திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இரயில் பாதையில் ஊர்கள் மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. சிதம்பரத்திலிருந்து மயிலாடுதுறைக்கும், அங்கிருந்து கும்பகோணத்துக்கும், அங்கிருந்து தஞ்சாவூருக்கும் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து திருச்சி 50 கிலோமீட்டர். பாசஞ்சர் இரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் என்பதால் இக்கட்டங்களில் பெரும்பாலானவை 10, 15 ரூபாயில் முடிந்துவிடும். திருச்சிக்கு அப்பால் மதுரையும், மதுரைக்கு அப்பால் இராமேசுவரமும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலைவாசத்தலங்களில் அறை வாடகை சமவெளியைப் போல இருப்பதில்லை என்பதால், இந்தத் தொகைக்கு அவை ஒத்துவருவதில்லை.

முன்பதிவில்லாச் சீட்டில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது, சீட்டின் வகை. பாசஞ்சர் இரயிலுக்கான சாதாரணச் சீட்டும் எக்ஸ்பிரஸ் இரயிலுக்கான சீட்டும் வெவ்வேறு. சூப்பர்ஃபாஸ்ட் இரயிலுக்கு அதற்கு மேலும் கூடுதல் கட்டணம் உண்டு. பத்து ரூபாய்ச் சீட்டை வைத்துக்கொண்டு, முதலில் வந்த எக்ஸ்பிரஸில் ஏறி அமர்ந்தால், பரிசோதகர் கட்டண வேறுபாட்டோடு அபராதமும் வசூலிப்பார். அபராதத்தின் குறைந்தபட்ச அளவு 250 ரூபாய், அதாவது ஓர் இரவின் படுக்கை. இரண்டாவது, சீட்டின் ஆயுள். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு வாங்கிய சீட்டு மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அந்தத் திசையில் புறப்படும் முதல் இரயிலில் பயணத்தைத் தொடங்குவதற்கே செல்லும். காலையில் தஞ்சாவூரில் இறங்கியவுடன் மாலைக்கான திருச்சிச் சீட்டையும் சேர்த்து வாங்கிவைப்பது வீண். RailOne செயலியில் வாங்குவோர், நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

மாணவர் சலுகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட படிவத்தின்பேரில் சொந்த ஊர் செல்வதற்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் தரப்படுவது. நண்பர்கள் சேர்ந்து சுற்றுவதற்குக் கிடைக்காது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மாறாக, தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பெண்கள் மட்டும் செல்லும் குழுவுக்கு உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவு கணிசமாகக் குறையும். ஊர்விட்டு ஊர் செல்லும் பேருந்துகளுக்கு இது பொருந்தாது.

இரண்டாம் படி: முதல் வரைவைப் போட்டுக் கூட்டிப் பார்த்தல்

ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு ஊரில் தங்குவதைவிட, ஓர் ஊரில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி அங்கிருந்து சுற்றுப்புறம் போய்வருவது மலிவு. மூன்று இரவு தங்குபவரிடம் லாட்ஜ்காரர் வாடகையைக் குறைக்கப் பேச்சுக்கு இடம் தருவார். துணி துவைத்துக் காயவைக்கலாம். முதுகுப்பை அறையிலேயே இருக்கும். இந்த எண்ணத்தோடு முதல் வரைவில் கும்பகோணத்தில் மூன்று இரவு, திருச்சியில் மூன்று, மதுரையில் இரண்டு, இராமேசுவரத்தில் ஒன்று என்று ஒன்பது இரவுகளைப் பங்கிட்டேன்.

நால்வர் சேர்ந்து படுக்கும் அறை கும்பகோணத்தில் 1,000 ரூபாய் என்றால் ஆளுக்கு 250, திருச்சியில் டார்மிட்டரிப் படுக்கை 200, மதுரையில் ஆளுக்கு 275, இராமேசுவரத்தில் 250. ஒன்பது இரவுக்கும் ஆளுக்கு 2,150 ரூபாய் ஆகிறது. உணவுக்கு நாளொன்றுக்கு 150 வீதம் 1,500. எல்லாப் போக்குவரத்தும் சேர்த்து 900. நுழைவுச்சீட்டு, பிச்சாவரம் படகு, செருப்பு வைக்குமிடம், கைபேசிப் பெட்டகம் போன்றவற்றுக்கு 350. இவற்றோடு, யாராவது காய்ச்சலில் படுத்தாலோ வண்டியைத் தவறவிட்டாலோ தொடுவதற்கென்று 500. ஆக 5,400 ரூபாய். கையில் உள்ளதைவிட 900 அதிகம்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் கை வைப்பது அவசரகால இருப்பிலும் உணவிலும்தான். இரண்டும் தவறான இடங்கள். இருப்பு இல்லாமல் புறப்பட்ட குழு, ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்த அன்றே வீடு திரும்ப வேண்டியிருக்கும். மூன்று நாள் தேநீரும் பன்னும் தின்று வெயிலில் நடந்தவருக்கு நான்காம் நாள் வயிறும் தலையும் ஒத்துழைக்கமாட்டா. போக்குவரத்தில் வெட்டவும் அதிகம் இல்லை. 900 ரூபாயில் முக்கால் பங்கு அசையாத செலவு. ஆகவே வெட்டுவதற்குரிய இடம் 2,150 ரூபாய்தான்.

மூன்றாம் படி: இரவுகளை வெட்டுதல்

சிதம்பரம் கடலூரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அன்றிரவே கும்பகோணம் லாட்ஜில் போய்ப் படுக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்குத் திரும்பிவந்து தூங்கலாம். பத்து நாள் பயணம் என்றால் பத்து நாளும் வெளியூரில் படுக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. இப்படி முதல் இரண்டு நாளையும் வீட்டை மையமாக வைத்து அமைத்தால், இரண்டு இரவுகள் செலவில்லாமல் கழிகின்றன. புதுச்சேரி நண்பர்கள் இருவரும் அந்த இரண்டு இரவும் கடலூர் நண்பர் வீட்டில் தங்கிக்கொள்வார்கள். அங்கேயே இரவு உணவும் காலை உணவும் கிடைத்துவிடும்.

இரண்டு நாள் வீட்டிலிருந்து கழிவதால் கும்பகோணத்தில் ஓர் இரவையும் திருச்சியில் ஓர் இரவையும் எடுத்துவிடலாம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போய்வருவதாக இருந்த நாள் இதனால் விழுந்துவிடும். அதற்கு ஈடாக முதல் நாளில் செஞ்சி சேர்கிறது. இரண்டுக்கும் பேருந்துச் செலவு ஏறத்தாழ ஒன்றே. சித்தன்னவாசலைத் தியாகம் செய்வது எனக்கு வருத்தமான முடிவுதான், ஆனால் அதைத் தனியாக ஒரு வாரயிறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சிய திருச்சி இரண்டு இரவுகளுக்கும் வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டைக் கேட்பது நல்லது. திருச்சியில் உறவோ தோழமையோ இல்லாத கல்லூரி வகுப்பு நம் பகுதியில் அரிது. நால்வர் இரண்டு இரவு தங்குவது எந்தக் குடும்பத்துக்கும் சுமைதான் என்பதால், ஒரு வாரம் முன்பே வீட்டுப் பெரியவரிடமே பேசி ஒப்புதல் பெற வேண்டும். மொட்டை மாடியோ கூடமோ போதும் என்று சொல்லிவிட வேண்டும். பழமோ காய்கறியோ வாங்கிச் செல்ல ஆளுக்கு 50 ரூபாய் ஒதுக்க வேண்டும். அங்கே இரவுச் சாப்பாட்டை எதிர்பார்த்துத் திட்டம் போடக் கூடாது. அப்படி வீடு எதுவும் அமையாவிட்டால், ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சேர்ந்த யாத்ரி நிவாஸில் டார்மிட்டரிப் படுக்கை கேட்கலாம்.

இப்போது தங்கும் செலவு மறுபடி கூட்டப்படுகிறது: கும்பகோணம் இரண்டு இரவு 500, திருச்சி வீட்டுக்கு 50, மதுரை இரண்டு இரவு 550, இராமேசுவரம் 250; ஆக 1,350. இதில் மட்டும் 800 ரூபாய் மிச்சம். உணவில், வீட்டுச் சாப்பாடும் கட்டுச்சோறும் கோயில் அன்னதானமும் சேர்ந்து, வயிற்றை ஒடுக்காமலேயே 1,500 ரூபாயை 1,200 ஆக்கிவிடும். மொத்தம் 4,300 ரூபாய். கையில் 200 ரூபாய் எஞ்சுகிறது. அதற்கு வேலை வைக்க வேண்டாம்.

ஆண்களும் பெண்களும் கலந்த குழுவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. லாட்ஜ்கள் மாணவர்களின் கலப்புக் குழுவுக்கு ஒரே அறையைத் தருவதில்லை. இரண்டு அறை எடுத்தாலும் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். இருவர் அறை 700 ரூபாய் என்றால் ஆளுக்கு இரவுக்கு 350 ஆகிவிடும். லாட்ஜில் கழியும் ஐந்து இரவுக்கும் சேர்த்து ஏறத்தாழ 500 ரூபாய் கூடும். கலந்து செல்ல விரும்புவோர் மூன்று ஆண்கள், மூன்று பெண்கள் என அறுவராகச் சென்றால், மூவர் படுக்கும் இரண்டு அறைகளில் ஆளுக்கு ஆகும் வாடகை ஏறத்தாழ நால்வர் குழுவின் அளவுக்கே இறங்கிவிடும். ஐந்து என்ற எண்ணிக்கைதான் எந்த அறைக் கணக்குக்கும் உதவாதது.

லாட்ஜில் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடக் கூடாது. செக்-அவுட் 24 மணி நேரமா அல்லது நண்பகல் 12 மணியா என்பது வாடகைக்கு இணையான கேள்வி. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கும்பகோணத்தில் அறை எடுத்தால், 24 மணி நேர லாட்ஜில் ஐந்தாம் நாள் காலை பத்து மணி வரை இரண்டு நாள் வாடகை. நண்பகல் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில் பன்னிரண்டு மணிக்கு முன் உள்ளே நுழைந்தால், முந்தைய நாளையும் சேர்த்து வாங்க முயலக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் பையை மட்டும் வரவேற்பறையில் வைத்துவிட்டு ஊர் சுற்றிவிட்டு, பிற்பகலில் அறையை எடுப்பதே முறை.

அடுத்து, மூன்று படுக்கை அறையில் நான்காமவருக்கு என்ன வாங்குவார்கள் என்று கேட்க வேண்டும். கூடுதல் பாய்க்கு 150 ரூபாய் சொல்லும் லாட்ஜும் உண்டு, ஒன்றும் வாங்காத லாட்ஜும் உண்டு. நால்வரும் மூல அடையாள அட்டையைக் கொண்டுசெல்ல வேண்டும். கல்லூரி அட்டை மட்டும் போதாது, ஆதார் கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட வேண்டும். கும்பகோணத்திலும் மதுரையிலும் முகூர்த்த நாளில் திருமண வீட்டார் லாட்ஜுகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். இராமேசுவரத்தில் அமாவாசையன்று, அதிலும் ஆடி, தை, மகாளய அமாவாசைகளில், 250 ரூபாய்ப் படுக்கையை மறந்துவிட வேண்டும். மதுரையில் சித்திரைத் திருவிழாவும் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியும் அப்படியே. கூட்டத்தைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் அது வேறு பயணம், வேறு தொகை. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நம் கடற்கரையை அடிக்கும் காலம். பொங்கல் கூட்டம் கலைந்தபின் சனவரி இறுதியும் பிப்ரவரியும் இந்தத் தடத்துக்கு ஏற்றவை.

நான்காம் படி: பகல்களை அடுக்குதல்

இந்தத் தடத்தில் பகல் பொழுது இரண்டாகப் பிளந்திருக்கிறது. கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் 12 அல்லது 12.30-க்கு நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கின்றன. புதியவர்கள் காலையில் பயணம் செய்து, பதினொன்றரைக்கு இறங்கி, குளித்துச் சாப்பிட்டு வந்து பூட்டிய கதவைப் பார்த்து நிற்பார்கள். காலை ஆறு முதல் பதினொன்றரை வரை பார்ப்பது, நண்பகலில் சாப்பிட்டு வண்டி ஏறுவது, மாலை நான்கு முதல் எட்டு வரை மறுபடி பார்ப்பது என்று அடுக்கினால் ஒரு நாளில் இரண்டு ஊர் தாங்கும். வழியில் அரசு அருங்காட்சியகம் எதையும் சேர்ப்பதாக இருந்தால், அவற்றில் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

முதல் நாள் செஞ்சி. விழுப்புரம் வழியாகப் பேருந்தில் செல்லலாம். சாதாரணப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 60 பைசாவை ஒட்டிய கட்டணம் என்பதால், போகவர ஆளுக்கு 110 ரூபாய்க்குள் அடங்கும். 2025-இல் மராத்தியர் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்ட இக்கோட்டைக்கு நுழைவுச்சீட்டு உண்டு. ராஜகிரியின் உச்சிக்குப் பிற்பகலுக்குமேல் ஏற விடுவதில்லை, வெயிலும் விடாது. முதல் பேருந்தைப் பிடித்து, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் புளிச்சோறும் சுமந்து ஏற வேண்டும். இதை முதல் நாளில் வைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு: யாருடைய செருப்பு கடிக்கிறது, யாருடைய பை கனக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும், இரவு வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலை சிதம்பரம். நடராசர் கோயிலைப் பார்த்துவிட்டு, நண்பகலுக்கு முன் பேருந்தில் பிச்சாவரம். படகுக் கட்டணம் படகுக்கு என்று இருப்பதால் நான்கு பேரும் ஒரே படகில் ஏற வேண்டும். அங்கே வரும் இன்னொரு சிறு குழுவோடு பேசிப் பெரிய படகைப் பங்கிடுவதும் உண்டு. இந்தப் பயணத்தில் பணம் கொடுத்துப் பார்க்கும் ஒரே பெரிய பொருள் இதுதான், இதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலையில் கடலூர் திரும்பலாம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் ஏறி, மயிலாடுதுறையில் மாறி, கும்பகோணம். மாலை நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாராசுரம். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் தூண் சிற்பங்களைப் பார்க்க மாலை வெளிச்சம் ஏற்றது, கட்டணமும் இல்லை. நான்காம் நாள் காலை முதல் பேருந்தில் கங்கைகொண்ட சோழபுரம், ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பதினொரு மணிக்குள் பார்த்துவிட்டுத் திரும்பினால், மாலை கும்பகோணத்துக் கோயில்களுக்கும் மகாமகக் குளக்கரைக்கும். துணி துவைக்கவும் அன்றுதான் நேரம்.

ஐந்தாம் நாள் தஞ்சாவூர், பையோடு. இரயில் நிலையத்தில் பொருள் வைப்பறை கேட்கலாம். பை பூட்டியிருக்க வேண்டும், பயணச்சீட்டைக் காட்ட வேண்டும். ஆகவே சிறு பூட்டு ஒன்று ஆளுக்கு அவசியம், இறங்கிய சீட்டைக் கிழித்துப் போடக் கூடாது. பெரிய கோயிலைக் காலையில் ஒருமுறையும், மாலை நடை திறந்தபின் கொஞ்ச நேரமும் பார்த்துவிட்டு, இரவுக்குள் திருச்சி நண்பர் வீடு. ஆறாம் நாள் முழுவதும் நகரப் பேருந்தில் முடியும்: ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மாலையில் மலைக்கோட்டை.

ஏழாம் நாள் காலை இரயிலில் மதுரை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுசெல்ல முடியாது; வெளியே பெட்டகத்தில் வைக்க வேண்டும். நால்வரில் யாரிடமாவது கொஞ்சம் ரொக்கம் இல்லையென்றால் உள்ளே பிரசாதம்கூட வாங்க முடியாது. எட்டாம் நாள் காலை திருமலை நாயக்கர் அரண்மனையும், விரும்பினால் 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகமும்.

ஒன்பதாம் நாள் அதிகாலை இராமேசுவரம் பாசஞ்சரில் ஏறினால் முற்பகலில் பாம்பனைக் கடக்கலாம். 1914-ஆம் ஆண்டின் பழைய பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மேல் வண்டி மெதுவாகச் செல்லும். அன்று பிற்பகல் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், கட்டணமில்லை, மாலை கோயில். தனுஷ்கோடியைப் பத்தாம் நாள் காலைக்கு வைக்க வேண்டும். அரிச்சல்முனை வரை அரசுப் பேருந்து போகிறது. ஆட்டோவும் வேனும் கேட்கும் தொகை நம் கணக்கில் இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களைப் பார்க்க, வழியில் இறங்கி அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். ஆனால் அடுத்த பேருந்து எப்போது என்று நடத்துநரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

உணவு

ஒரு நாளைக்கு 120 ரூபாயில் வயிறு நிறைய வேண்டுமானால், ஒரு வேளையாவது மிக மலிவாகவோ செலவில்லாமலோ அமைய வேண்டும். திருச்சியிலும் மதுரையிலும் மாநகராட்சியின் அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்ற விலைகள் 2013 முதல் உள்ளவை. வேளை தவறினால் தீர்ந்துவிடும். அறநிலையத்துறைக் கோயில்கள் பலவற்றில் நண்பகல் அன்னதானம் உண்டு. ஸ்ரீரங்கத்தில் நாள் முழுவதும் நடக்கிறது. அது யாருக்கும் தடையில்லாதது, ஆனாலும் முதியவர்களும் வழிபட வந்தவர்களும் முன்னே நிற்கும் வரிசை. நால்வரும் முண்டியடித்து நிற்பது அழகன்று.

மற்ற வேளைகளுக்கு மெஸ்ஸில் பார்சல் சாப்பாடு வாங்குவது சிக்கனம். இரண்டு பார்சலையும் இரண்டு கூடுதல் பொரியலையும் நால்வர் பங்கிட்டால் பெரும்பாலும் போதும். கடலோர ஊர்களில் மீன் குழம்பின் மணம் இழுக்கும். கணக்கில் அதற்கு ஒருநாள் இடம் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கணக்குக்குத் தெரியாமல் மூன்று நாள் நுழைந்துவிடும். தண்ணீர்ப் புட்டி வாங்கும் பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும். நாளுக்கு மொத்தம் மூன்று புட்டி வாங்கும் நால்வர், பத்து நாளில் மதுரையின் ஓர் இரவு வாடகையில் பாதியை அதில் குடித்துவிடுவார்கள். நண்பர் வீட்டிலும் மெஸ்ஸிலும் லாட்ஜிலும் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: திரும்பும் சீட்டும் பொதுப் பணமும்

2025-இல் புதிய பாம்பன் பாலத்தோடு தொடங்கப்பட்ட இராமேசுவரம்–தாம்பரம் இரயில் காரைக்குடி, திருவாரூர், மயிலாடுதுறை வழியாகத் திருப்பாதிரிப்புலியூரைத் தொட்டுச் செல்கிறது. பிற்பகலில் புறப்பட்டு நள்ளிரவை ஒட்டிக் கடலூரில் இறக்கிவிடுவதால், காலைப் பொழுது முழுக்கக் கிடைத்து, பத்தாம் இரவு வீட்டில் கழிகிறது. கால அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால், தேதி குறிக்கும்போதே நேரத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் ஸ்லீப்பர் முன்பதிவு செய்யச் சொல்வேன். 300 ரூபாய்க்குள் முடியும். பொதுப் பெட்டியில் இதில் பாதிதான், ஆனால் களைத்த உடம்போடு அதில் நின்றுகொண்டு வருவது கொடுமை. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. திறந்த வாரத்திலேயே எடுத்துவிட்டால், திட்டத்தின் முடிவு நாள் ஆணியடித்ததுபோல் நின்றுவிடும், மற்றவை அதற்கேற்ப அமையும். இந்தத் தொகையையும் புறப்படும் முன்பே கட்டிவிடுகிறோம்.

பொதுச் செலவுக்கு ஒருவரே பொறுப்பு. ஆளுக்கு 3,800 ரூபாய் அவரிடம் சேரும். அறை, உணவு, பயணம் எல்லாம் அவர் கையால்தான். அவசரகால 500 ரூபாய் அவரவரிடம், தனியாக மடித்து, பணப்பையில் அல்லாமல் வேறிடத்தில் இருக்கும். பொது இருப்பிலும் பாதியாவது ரொக்கமாக இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பேருந்தில் கைபேசி வழியாகப் பணம் செலுத்த நினைப்பவர், நடத்துநர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கலாம். தனிப்பட்ட நொறுக்குத் தீனியும் பரிசுப்பொருளும் பொதுக் கணக்கில் வரக் கூடாது. நட்பு கசப்பதற்குப் பெரும்பாலும் ஒரு குளிர்பானமே போதுமானது.

திட்டம் வழுக்குகிறதா என்று அறிய ஒரே ஓர் எல்லைக்கல் போதும். ஐந்தாம் நாள் இரவு திருச்சி சேர்ந்தபின் கணக்கைக் கூட்டினால், திரும்பும் சீட்டையும் சேர்த்து ஆளுக்கு 2,000 ரூபாய்க்குள் செலவாகியிருக்க வேண்டும். அதுவரை கும்பகோணத்தின் இரண்டு இரவு 500, உணவு 600, பயணம் 300-ஐ ஒட்டி, படகும் நுழைவும் 250, ஸ்லீப்பர் சீட்டு 290. இந்தத் தொகை 2,300-ஐத் தொட்டிருந்தால், மிச்சமிருக்கும் நாள்களில் தேநீரைக் குறைத்து அதை ஈடுகட்ட முடியாது; அன்றிரவே மதுரையில் இரண்டு இரவுகளில் ஒன்றைக் கைவிட்டு, எட்டாம் நாள் மாலையே இராமேசுவரம் சென்று ஒன்பதாம் நாள் திரும்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். அப்படிச் செய்வதாக இருந்தால் முன்பதிவுச் சீட்டை இரத்து செய்து புதிதாக எடுக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வேறு நாளுக்குச் சீட்டு இல்லையென்றால், அன்றைய வண்டியில் பொதுப் பெட்டிதான் வழி.

நள்ளிரவில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும் புதுச்சேரி நண்பர்கள், அந்த நேரத்தில் ஆட்டோ பிடித்து ஊருக்குப் போக முயல வேண்டாம். கடலூர் வீட்டிலேயே படுத்து, விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடிக்கலாம். பொதுப் பணத்தின் மிச்சத்தை, அவர்கள் கிளம்பும் முன் நால்வரும் உட்கார்ந்து பங்கிட்டுவிட வேண்டும்.